வெளிநாட்டு முதிசமும் உள்ளூர்ப் பத்திரங்களும்: உரித்தாளர் வரிசை குழம்பாமல் மொழிபெயர்ப்பது எப்படி?

ஜேர்மனியிலோ பிரான்சிலோ தனியாக வாழ்ந்து காலமான ஒருவரின் வங்கிப் பணம் ஊரிலுள்ள சகோதரர்களுக்குச் சேரவேண்டியிருக்கும்போது, முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் “யாரிடம் மொழிபெயர்ப்பிக்கலாம்?” என்பதாகவே இருக்கிறது. “எந்தப் பத்திரம், யாருடைய உறவை, யாரோடு காட்டுகிறது?” என்ற கேள்வி அதற்கு முன்னே கேட்கப்படவேண்டியது. சொற்கள் எல்லாம் சரியாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தும் உறவுகள் பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டதால் காரியம் தடைப்படுவதுண்டு. இவ்விதழில் ஜேர்மனியை மட்டும் எடுத்துக்கொள்வோம். மற்ற நாடுகளின் சட்டம் வேறாக இருப்பினும் மொழிபெயர்ப்பில் கவனிக்க வேண்டியவை ஏறத்தாழ இவையே.

ஜேர்மனியில் வசித்துக் காலமானவரின் சொத்து, அவர் கடைசியாக வசித்த இடத்து உள்ளூர் நீதிமன்றத்தின் மரணச் சொத்துப் பிரிவினால் கவனிக்கப்படுகிறது. மரணசாசனம் இல்லாதவிடத்து அந்நீதிமன்றம் ‘ஏர்ப்ஷைன்’ எனப்படும் உரித்துச் சான்றிதழை வழங்கும். யார் யார் உரித்தாளர், ஒவ்வொருவருக்கும் எத்தனை பங்கு என்பது அதில் பின்னத்தில் எழுதப்பட்டிருக்கும். வங்கி பெரும்பாலும் அதைக் கண்டே பணத்தை விடுவிக்கும்.

எந்தச் சட்டப்படி பங்கு பிரிப்பது? 2015 ஓகஸ்ட் 17ஆந் திகதியும் அதற்குப் பின்னரும் நிகழ்ந்த மரணங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குவிதி பொருந்தும். அதன்படி, காலமானவர் வழமையாக எங்கு வாழ்ந்தாரோ அந்த நாட்டுச் சட்டமே பொதுவாகப் பங்கைத் தீர்மானிக்கும். ஆகவே அவரிடம் இலங்கைக் கடவுச்சீட்டே இருந்திருந்தாலும், அவர் வேறு சட்டத்தைத் தெரிந்தெடுத்து எழுதிவைத்திராவிடில், தேசவழமையையோ இலங்கையின் வேறு சட்டத்தையோ கொண்டு அங்கே வாதிடுவதில் பயனில்லை. இங்கிருந்து போகும் பத்திரங்கள் இன்னார் இன்னாருக்குப் பிறந்தார், இன்னார் இன்ன திகதியில் இறந்தார் என்ற நிகழ்வுகளைக் காட்டினாற் போதும். பங்கை அவர்கள் கணக்கிடுவார்கள்.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். மன்னார் மாவட்டத்துக் கிராமமொன்றைச் சேர்ந்த ஒருவர் 1985இல் ஜேர்மனி சென்று, விவாகம் செய்யாமல், பிள்ளைகளின்றி, மரணசாசனமும் எழுதாமல் 2019 மார்ச்சில் அங்கேயே காலமானார் என்று வைத்துக்கொள்வோம். வங்கியில் எல்லாக் கடனும் செலவும் போக 60,000 யூரோ இருக்கிறது. அவருடைய தகப்பன் 1996இலும் தாய் 2004இலும் இறந்துவிட்டார்கள். தகப்பனுக்கு இரண்டு விவாகம். மூத்த தாரத்தில் ஒரு மகள் 1950இல் பிறந்தார். மூத்த தாரம் 1952இல் இறந்தபின் இரண்டாந் தாரத்தில் மூன்று பிள்ளைகள்: 1956இல் ஒரு தமையன், 1959இல் காலமானவர், 1962இல் ஒரு தங்கை. தமையனும் மூத்த தாரத்து மகளும் ஊரில் இருக்கிறார்கள். தங்கை தமிழ்நாட்டில் தூத்துக்குடியில் மணம் முடித்து, 2012இல் அங்கேயே இறந்தார். அவருக்குக் கணவரும் ஒரு மகனும் ஒரு மகளும் இருக்கிறார்கள்.

ஜேர்மன் சட்டம் உறவினரை வரிசை வரிசையாக நிறுத்துகிறது. முதலாம் வரிசை பிள்ளைகளும் அவர்கள் வழி வந்தோரும். இரண்டாம் வரிசை பெற்றோரும் பெற்றோர் வழி வந்தோரும், அதாவது சகோதரரும் சகோதரரின் பிள்ளைகளும். முன்வரிசையில் ஒருவராவது இருந்தால் பின்வரிசைக்கு ஒன்றுமில்லை. காலமானவருக்கு மனைவி இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. இங்கே மனைவி இல்லை. ஆகவே இரண்டாம் வரிசையே உரித்துப் பெறுகிறது. தகப்பனுக்கு 30,000, தாய்க்கு 30,000 என்று சொத்து முதலில் இரண்டாகப் பிளக்கிறது. இருவரும் உயிரோடு இல்லாதபடியால் ஒவ்வொருவருடைய பாதியும் அவரவர் பிள்ளைகளுக்குக் கீழிறங்குகிறது.

தகப்பனின் பாதி மூன்று கிளைக்குப் போகிறது: மூத்த தாரத்து மகள், தமையன், தங்கை, ஆளுக்கு 10,000. தாயின் பாதி இரண்டு கிளைக்கு மட்டுமே: தமையன், தங்கை, ஆளுக்கு 15,000. மூத்த தாரத்து மகள் அந்தத் தாயின் பிள்ளை அல்லவே. எனவே அவருக்கு மொத்தம் 10,000, தமையனுக்கு 25,000, தங்கையின் கிளைக்கு 25,000. தங்கை முன்னரே இறந்துவிட்டபடியால் அவருடைய மகனும் மகளும் அவர் இடத்தில் நின்று ஆளுக்கு 12,500 பெறுவர்.

கிராம அலுவலரின் கடிதத்தில் என்ன எழுதப்பட்டிருக்கும்? “மேற்படி இறந்தவருக்கு ஒரு சகோதரரும் இரண்டு சகோதரிகளும் உளர்” என்றே எழுதப்பட்டிருக்கும். எமது வழக்கில் அது பிழையல்ல; ஒரே வீட்டில் வளர்ந்தவர்களை மூத்த தாரம், இளைய தாரம் என்று பிரித்துச் சொல்வதே மரியாதைக் குறைவாகக் கருதப்படும். ஆனால் மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே ‘சகோதரி’ என்று மாற்றிவிட, நீதிமன்றம் வேறு பத்திரத்தைப் பாராவிட்டால் மூன்று கிளைக்கும் 20,000 என்று சமமாகப் பிரியும். பார்த்துவிட்டால் இன்னும் சங்கடம். பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தில் தாயின் பெயர் வேறாக இருப்பதைக் கண்டு, முழுக் குடும்பத்தின் பத்திரங்களையும் சந்தேகத்தோடு திருப்பி அனுப்பும்.

இதற்கு மருந்து உறவுப்பெயரில் தங்கியிராமல் பெற்றோரின் பெயரில் தங்குவதே. ‘சகோதரி’ என்ற சொல்லோடு “இன்ன தகப்பனுக்கும் இன்ன தாய்க்கும் பிறந்தவர்” என்று கடிதத்தை எழுதும்போதே சேர்த்து எழுதுவிக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தாமாகச் சேர்க்கக்கூடாது. மூலத்தில் ‘சகோதரி’ என்று மட்டும் இருந்தால் ‘சகோதரி’ என்றுதான் மொழிபெயர்க்க வேண்டும். தாய் வேறு என்று அவருக்கு நேரில் தெரிந்திருந்தாலும், மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று தெளிவாக வேறுபடுத்தி, தமிழில் அச்சொல் ஒரு பெற்றோர் மட்டும் பொதுவானவரையும் குறிக்கலாம் என்று மொழி பற்றிய குறிப்பாக மட்டுமே எழுதலாம்.

எமது உறவுச் சொற்களில் இப்படிப் பொறி வைப்பவை வேறும் உண்டு. பெரியப்பாவின் மகனும் எமக்கு அண்ணன்தான். ‘மருமகன்’ என்பது மகளின் கணவனையும் குறிக்கும், சகோதரியின் மகனையும் குறிக்கும். முன்னவருக்கு ஜேர்மன் சட்டத்தில் உரித்து இல்லை, பின்னவருக்கு இருக்கலாம். ‘பெறாமகன்’ என்பதை ‘மகன்’ என்று மொழிபெயர்த்தால் இல்லாத ஒரு முதலாம் வரிசை முளைத்து, சகோதரர் அனைவரும் வெளியே தள்ளப்படுவர். ‘சித்தி’ தாயின் தங்கையாகவும் இருக்கலாம், தகப்பனின் இரண்டாந் தாரமாகவும் இருக்கலாம். சத்தியக்கடதாசி எழுதும்போதே இச்சொற்களைத் தவிர்த்து, “என் தங்கையின் மகன்”, “என் தகப்பனாரின் இரண்டாவது மனைவி” என்று வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது.

இனித் தங்கையின் கிளைக்கு வருவோம். அதிகமாகக் குழம்பும் இடம் இதுவே. தமிழ்நாட்டில் ஒருவர் இறந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வழங்குவார்கள். இறந்தவரின் பெயர், இறந்த திகதி, அதன்கீழ் வாரிசுகளின் வரிசை எண், பெயர், வயது, உறவுமுறை என்று அட்டவணையாக இருக்கும். தங்கைக்கு வழங்கப்பட்ட சான்றிதழில் 1. கணவர், 2. மகன், 3. மகள் என்றிருக்கும். இலங்கையில் இதே பெயரில், இதே வடிவில் ஒரு பத்திரம் இல்லை. இங்கே கிராம அலுவலரின் கடிதத்தில் பிரதேச செயலாளர் மேலொப்பமிடுவது, சத்தியக்கடதாசி, அல்லது மாவட்ட நீதிமன்றத்தின் மரணசாதன வழக்குக் கட்டளை ஆகியவையே உள்ளன.

அந்தத் தமிழ்நாட்டுச் சான்றிதழை மொழிபெயர்க்கும்போது மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அதன் தலைப்பு. ‘வாரிசுச் சான்றிதழ்’ என்பதை ‘ஏர்ப்ஷைன்’ என்று மொழிபெயர்க்கக்கூடாது. அங்கே அச்சொல் நீதிமன்றம் வழங்கும் பத்திரத்தைக் குறிக்கும். இதுவோ வருவாய்த்துறை அதிகாரி வழங்கிய குடும்ப விபரம். தலைப்பைச் சொல்லுக்குச் சொல் விளக்கி, வழங்கியவர் யார் என்பதையும் எழுதிவிட்டால் நீதிமன்றம் அதன் பெறுமதியைத் தானே நிறுத்துப் பார்க்கும். கிராம அலுவலரின் கடிதத்துக்கும் இதே விதி.

இரண்டாவது, ‘உறவுமுறை’ என்ற நிரல். கணவர், மகன், மகள் என்பவை தங்கையோடான உறவுகள். ஜேர்மனியில் காலமானவரோடான உறவுகள் அல்ல. பல பத்திரங்கள் ஒரே கட்டில் போகும்போது, எல்லாவற்றிலும் ‘இறந்தவர்’ என்ற ஒரே சொல் வருவதால் வாசிப்பவர் தடுமாறுவார். தங்கையின் மகன் காலமானவரின் மகனாகத் தோன்றிவிடுவான். ஆகவே நிரலின் தலைப்பு மூலத்தில் “இறந்தவருக்கு உறவுமுறை” என்றிருந்தால் அப்படியே மொழிபெயர்த்து, அடைப்பில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக “இப்பத்திரத்தில் இறந்தவர் என்பது மேலே பெயர் குறிப்பிடப்பட்ட பெண்மணி” என்று ஒரு தடவை எழுதுவது போதும்.

மூன்றாவது, வரிசை. கணவருக்குப் பங்கு இல்லை என்று யாரோ சொன்னதற்காக முதலாம் இலக்கத்தை விட்டுவிட்டு மகனையும் மகளையும் மட்டும் மொழிபெயர்ப்பது பெரும் பிழை. அது பத்திரத்தைத் திரிப்பதாகும். 1, 2, 3 என்ற இலக்கங்கள் மூலத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். மூத்தவர் முன் என்றோ அகர வரிசை என்றோ மாற்றுவது கூடாது. வயது 27 என்றிருந்தால் 27 என்றே எழுத வேண்டும். அது சான்றிதழ் வழங்கிய நாளில் இருந்த வயது. அதைக் கழித்துப் பிறந்த ஆண்டைக் கண்டுபிடித்து எழுதினால் பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தோடு ஓராண்டு இடிக்கும்.

கணவர் உரித்தாளரா இல்லையா என்பதை நீதிமன்றம் இரண்டு மரணத் திகதிகளை ஒப்பிட்டுத்தான் முடிவு செய்கிறது. எமது எடுத்துக்காட்டில் தங்கை 2012இல், அதாவது அண்ணனுக்கு முன்னரே இறந்தார். அவருடைய இடத்துக்கு அவர் வயிற்றில் பிறந்தவர்கள் மட்டுமே வருவார்கள், கணவர் வரமாட்டார். தங்கை 2020இல் இறந்திருந்தால் கதை முற்றாக மாறும். அண்ணன் கண்மூடிய கணத்திலேயே 25,000 யூரோ தங்கையின் சொத்தாகிவிட்டது. பின்னர் அது தங்கையின் முதிசமாக அவருடைய உரித்தாளருக்குப் போகும். இந்தியக் கிறிஸ்தவர்களுக்கான 1925ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி கணவருக்கு மூன்றில் ஒன்று, மிகுதி பிள்ளைகளுக்கு. அப்போது மூவருக்கும் ஏறத்தாழ 8,333 யூரோ வீதம் வரும். ஒரு திகதி, ஒரு மனிதரை உள்ளே கொண்டுவருகிறது அல்லது வெளியே நிறுத்துகிறது.

ஆகவேதான் மரண அத்தாட்சிப்பத்திரத்தில் உள்ள திகதிகளை வேறுபடுத்துவதில் மிகுந்த கவனம் வேண்டும் என்கிறோம். அதில் குறைந்தது மூன்று திகதிகள் இருக்கும்: மரணம் நிகழ்ந்த திகதி, மரணம் பதிவுசெய்யப்பட்ட திகதி, கையில் உள்ள பிரதி வழங்கப்பட்ட திகதி. போர்க்காலத்திலும் இடப்பெயர்விலும் மரணங்கள் பல மாதங்கள் பிந்திப் பதிவாகியுள்ளன. ஒவ்வொரு திகதியும் எந்தத் தலைப்பின் கீழ் உள்ளதோ அத்தலைப்போடு மொழிபெயர்க்கப்பட வேண்டும். மாதத்தை இலக்கத்தில் எழுதாமல் பெயரில் எழுத வேண்டும். அறிவித்தவர் எந்தத் தகைமையில் அறிவித்தார் என்ற கூடும் முக்கியமானது. அதில் “இறந்தவரின் மகன்” என்றிருந்தால் அது உறவுக்கு ஒரு துணைச் சான்று. இலங்கையின் மரண அத்தாட்சிப்பத்திரத்தில் பெற்றோரின் பெயர் உண்டு. பிள்ளைகளின் பட்டியல் இல்லை. அது கீழ்நோக்கி எதையும் நிரூபிக்காது. பிள்ளை என்பதை நிரூபிக்கப் பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப்பத்திரமே வேண்டும்.

இப்போது எமது குடும்பத்துக்குத் தேவையான கட்டைப் பார்ப்போம். விண்ணப்பிப்பவர், தமக்கு முன்னே நின்றிருக்கக்கூடியவர்களும் தம் பங்கைக் குறைத்திருக்கக்கூடியவர்களும் எப்படி இல்லாமற் போனார்கள் என்பதையும் சொல்லி, பத்திரத்தால் காட்ட வேண்டும் என்பது ஜேர்மன் சட்டம். இதனால் செத்தவர்களின் கடதாசி எதற்கு என்று கேட்க முடியாது. காலமானவரின் மரணப் பத்திரமும் பிறப்பு அத்தாட்சிப்பத்திரமும். தகப்பன், தாய் இருவரின் மரண அத்தாட்சிப்பத்திரங்கள். தகப்பனின் இரண்டு விவாகப் பதிவுகள். தமையன், மூத்த தாரத்து மகள், தங்கை ஆகிய மூவரின் பிறப்பு அத்தாட்சிப்பத்திரங்கள். தங்கையின் மரணச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும். தங்கையின் இரு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள். குழந்தைப் பருவத்தில் இறந்த சகோதரம் ஒன்று இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். தாய்க்கு வேறு விவாகத்தில் பிள்ளை உண்டா இல்லையா என்பதையும் சொல்ல வேண்டும்.

1950இல் பிறந்த மூத்த தாரத்து மகளின் பதிவு கிடைக்காமற் போகலாம். அப்போது பதிவாளர் திணைக்களத்தில் தேடுவித்து, பதிவு கிடைக்கவில்லை என்ற தேடுதல் பெறுபேற்றை எழுத்தில் பெற்று, அதனுடன் கோவில் ஞானஸ்நானப் பதிவேட்டின் பிரதியை வைக்கலாம். நீதிமன்றம் அதை ஏற்றுக்கொள்ளலாம், மேலும் கேட்கலாம். ஞானஸ்நானத் திகதியைப் பிறந்த திகதியென்று மொழிபெயர்த்துவிடாமல் பார்க்க வேண்டியது பங்குத்தந்தையருக்குச் சொல்லவேண்டியதில்லை, மொழிபெயர்ப்பாளருக்குச் சொல்லவேண்டும்.

பழைய பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தில் “பெற்றோர் விவாகமானவர்களா?” என்ற கூட்டில் ‘இல்லை’ என்றிருப்பதைக் கண்டு வெட்கப்பட்டு, அதை மொழிபெயர்க்காமல் விடும்படி கேட்பவர்கள் இருக்கிறார்கள். இன்றைய ஜேர்மன் சட்டத்தில் தகப்பன் யார் என்பது நிறுவப்பட்டால் விவாகத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் சம உரித்து உண்டு. மறைப்பதால்தான் கெடுதி.

பெயர் விடயம் தனிச் சிக்கல். எமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. ஜேர்மனியில் காலமானவருக்குத் தகப்பன் பெயரே குடும்பப் பெயராகப் பதியப்பட்டிருக்கும். தகப்பனுக்கோ பாட்டன் பெயர் முன்னே நிற்கும். தங்கைக்குக் கணவன் பெயர். ஒரே குடும்பத்தில் மூன்று குடும்பப் பெயர்களா என்று அங்குள்ள எழுதுவினைஞர் திகைப்பார். போதாக்குறைக்கு, சவிரிமுத்து என்ற பெயரின் பிற்பகுதியை ஆங்கிலத்தில் ஒருவர் இரண்டு ‘ரி’ போட்டு எழுதுவார், மற்றவர் ‘ரி’யோடு ‘எச்’ போட்டு எழுதுவார். மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு பெயர்த் தாளைக் கொடுத்துவிடுவது சிறந்தது. உயிரோடிருப்பவருக்குக் கடவுச்சீட்டில் உள்ள எழுத்து. இறந்தவருக்குக் காலமானவரின் ஜேர்மன் பத்திரங்களில் பெற்றோர் பெயர் எப்படி எழுதப்பட்டதோ அந்த எழுத்து. தமிழில் உள்ள பெயரை எல்லாப் பத்திரத்திலும் இவ்வாறு ஒரே எழுத்தில் எழுதலாம். மூலமே ஆங்கிலத்தில் வேறு எழுத்தோடு இருந்தால் அதைத் திருத்தக்கூடாது. இருப்பதை இருந்தபடி எழுதி, இருவரும் ஒருவரே என்பதற்குச் சத்தியக்கடதாசி வைக்க வேண்டும்.

எங்கே மொழிபெயர்ப்பிப்பது? இங்குள்ள சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கே மாற்றுவர். அதை ஜேர்மனியில் மறுபடி ஜேர்மன் மொழிக்கு மாற்ற வேண்டியிருக்கும். ‘மருமகன்’ ஆங்கிலத்தில் தவறாக விழுந்தால் ஜேர்மன் மொழிபெயர்ப்பாளருக்கு அது தெரியவே வராது. ஆகையால் தமிழ்ப் பத்திரங்களின் அத்தாட்சிப்படுத்திய பிரதிகளை, ஜேர்மன் நீதிமன்றத்தால் அதிகாரமளிக்கப்பட்ட தமிழ்–ஜேர்மன் மொழிபெயர்ப்பாளரிடம் நேரே அனுப்புவதையே நாம் விரும்புகிறோம். முத்திரைகள், ஓரக் குறிப்புகள், பின்பக்க எழுத்துக்கள் எல்லாம் மொழிபெயர்ப்பில் வர வேண்டும். மை மங்கிய இடத்தில் “வாசிக்க முடியவில்லை” என்று எழுத வேண்டும், ஊகித்து நிரப்பக்கூடாது. பிரதிகளை அத்தாட்சிப்படுத்த வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்குப் போகவேண்டும். யாழ்ப்பாணத்திலும் அதன் பிராந்திய அலுவலகம் உண்டு. பத்திரங்களின் உண்மைத்தன்மையைத் தூதரகத்தின் மூலம் ஆராயும்படி நீதிமன்றம் கேட்கக்கூடும். அதற்குக் காலமும் பணமும் செல்லும்.

விண்ணப்பத்தை உரித்தாளரில் ஒருவர் எல்லோருக்குமாகச் செய்யலாம். அதற்கான சத்திய உறுதிமொழியைக் கொழும்பிலுள்ள ஜேர்மன் தூதரகத்தில் கொடுக்கலாம். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை: ஜேர்மன் சட்டத்தில் சொத்தோடு கடனும் உரித்தாளர் தலையில் வரும். வேண்டாம் என்று மறுப்பதற்கு, செய்தியை அறிந்த காலத்தில் வெளிநாட்டில் இருந்த உரித்தாளருக்கு ஆறு மாதமே தவணை. பத்திரம் சேர்க்கும் அலைச்சலில் அந்தத் தவணை ஓடிவிடாமல் முதலிலேயே கடன் விபரத்தை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கட்டின் மேலே ஒரு தாளில் குடும்ப மரத்தை வரைந்து வையுங்கள். மேலே தகப்பனும் அவருடைய இரு மனைவியரும், கீழே ஒவ்வொரு தாயின் கீழும் அவரவர் பிள்ளைகள், இறந்தவர் பக்கத்தில் சிலுவையும் திகதியும், ஒவ்வொரு பெயரருகிலும் அதை நிரூபிக்கும் பத்திரத்தின் இலக்கம். அது பத்திரமல்ல, ஆயினும் வாசிப்பவர் அதைப் பிடித்துக்கொண்டே மற்றவற்றைப் பார்ப்பார். ஏர்ப்ஷைன் வந்ததும் பின்னங்களைக் கூட்டிப் பாருங்கள். எமது குடும்பத்துக்கு மூத்த தாரத்து மகள் 1/6, தமையன் 5/12, தங்கையின் மகனுக்கும் மகளுக்கும் 5/24 வீதம் வர வேண்டும், கூட்டினால் ஒன்று. பெயர்கள் கடவுச்சீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, பிழையிருந்தால் வங்கிக்கு அனுப்புமுன் நீதிமன்றத்திடமே திருத்தம் கேட்க வேண்டும்.